தெரிவுக் கடிதம் வந்தபின் சான்றிதழ்களை ஸ்கேன் பண்ணி அனுப்புவது எப்படி

நேர்முகப் பரீட்சை முடிந்து, "நீங்கள் தெரிவாகியுள்ளீர்கள், கீழ்க்காணும் ஆவணங்களை மின்னஞ்சலில் அனுப்பவும்" என்று ஒரு மடல் வருகிறதே, அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் எழுதுகிறேன். எனக்கு அப்படி ஒரு மடல் வந்தபோது, மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கொமினிக்கேசனுக்கு ஓடிப்போய், பையிலிருந்ததை எல்லாம் ஸ்கேன் பண்ணி, கடைத் தம்பி வைத்த பெயர்களோடேயே மூன்று மடலாக அனுப்பினேன். பதினான்கு பைல்கள், எல்லாம் `IMG`, `Scan0007` என்று இருந்தன. நான்கு நாள் கழித்து உயர்தரச் சான்றிதழ் வரவில்லை என்று பதில் வந்தது. அனுப்பியிருந்தேன், ஆனால் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்ப அனுப்பினேன், அப்போது அடையாள அட்டையின் பின்பக்கம் இல்லை என்றார்கள். இப்படி இழுபட்டு, என்னோடு தெரிவானவர்கள் வேலையில் சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் நான் சேர்ந்தேன். அந்த ஒரு மாதச் சம்பளம் போனது போனதுதான்.

போன வருடம் சின்னம்மாவின் மகளுக்குக் கள உத்தியோகத்தர் வேலை கிடைத்தபோது இருவரும் உட்கார்ந்து முறையாகச் செய்தோம். எல்லாவற்றையும் ஒரே மடல் தொடரில்தான் அனுப்பினோம், ஒரு கேள்வியும் திரும்பி வரவில்லை. அவள் செய்ததையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். பெயரை மட்டும் S. Vani என்று மாற்றியிருக்கிறேன்.

1. கேட்டதை ஒரு தாளில் இலக்கமிட்டு எழுதுங்கள்

கடிதத்தைப் போனில் பார்த்துப் பார்த்து வேலை செய்யாதீர்கள். கேட்ட ஒழுங்கிலேயே ஒரு கொப்பித் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விடயம் குறியுங்கள்: கையில் இருக்கிறதா, எத்தனை பக்கம், பின்பக்கத்தில் ஏதும் இருக்கிறதா. வாணியிடம் கேட்டவை எட்டு. தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரம், உயர்தரம், பட்டச் சான்றிதழ், ட்ரான்ஸ்கிரிப்ட், முந்தைய வேலையின் சேவைக் கடிதம், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ். கடிதம் வந்தது மே 6 திங்கட்கிழமை, கடைசி நாள் 15 புதன்கிழமை.

தாளில் எழுதியதும்தான் தெரிந்தது, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் கையில் இல்லை. அதாவது, பழையது ஒன்று இருந்தது, ஆனால் எடுத்து ஒரு வருடத்துக்கு மேல். அந்தச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். கிராம சேவகர் கையொப்பமிட்ட பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்க வேண்டும், அவர் கந்தோரில் இருக்கும் நாட்களும் எல்லா நாளும் இல்லை. ஆகவே ஸ்கேன் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இந்த அலைச்சலைத் தொடங்கிவிடுங்கள். நேரத்தைத் தின்பது கையில் இல்லாத அந்த ஒரு பத்திரம்தான், மற்ற ஏழையும் ஒரே பின்னேரத்தில் முடித்துவிடலாம்.

இன்னொன்று. உயர்தரப் பெறுபேற்றை இணையத்தில் பார்த்து அச்செடுத்த தாள் சான்றிதழ் ஆகாது. "சான்றிதழ்" என்று கேட்டிருந்தால் பரீட்சைத் திணைக்களத்தின் சான்றிதழ்தான் வேண்டும். கையில் இல்லாவிட்டால் `www.doenets.lk` மூலம் விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கும் நாள் எடுக்கும். பிறப்புச் சான்றிதழைப் பொறுத்தவரை, சுனாமியில் எல்லாம் போய்ப் பிறகு பிரதேச செயலகத்தில் மறுபடி எடுத்தவர்கள் எங்கள் கல்லடிப் பக்கம் நிறையப் பேர். அதில் வழங்கிய திகதி பிந்தியதாக இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை, அத்தாட்சிப்படுத்திய அந்தப் பிரதி செல்லும்.

ஆங்கில மொழிபெயர்ப்புக் கேட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கேட்டிருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் போக வேண்டும், நீங்களே மொழிபெயர்த்து அச்செடுத்தது எடுபடாது. கேட்காவிட்டால் காசைச் செலவழிக்காதீர்கள்.

2. மூலப் பிரதியைத்தான் ஸ்கேன் பண்ணுங்கள்

வீட்டில் போட்டோகொப்பிகள் கட்டுக் கட்டாக இருக்கும், எடுக்க இலகு. ஆனால் கொப்பியை ஸ்கேன் பண்ணினால் முத்திரை கறுத்த வட்டமாக வரும், உள்ளே உள்ள எழுத்தை வாசிக்க முடியாது. "உறுதிப்படுத்திய பிரதி" என்று கடிதத்தில் இருந்தால் மட்டும் விடயம் வேறு: அப்போது போட்டோகொப்பியில் சமாதான நீதவானிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்கி, அந்தத் தாளை ஸ்கேன் பண்ண வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சான்றிதழ் வந்த மறுநாளே லெமினேற் பண்ணிவிடுவோம். அங்கேதான் பெரிய தொல்லை. வாணியின் உயர்தரச் சான்றிதழை இரவில் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் போனில் எடுத்தபோது, ஒரு வெள்ளைக் கோடு சரியாகச் சுட்டெண்ணுக்கு மேலே விழுந்திருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல படம். பெரிதாக்கிப் பார்த்தால் சுட்டெண்ணில் இரண்டு இலக்கம் இல்லை. அதை வைத்துத்தான் அவர்கள் பெறுபேற்றைச் சரிபார்ப்பார்கள். அடுத்த நாள் காலையில் மேசையை ஜன்னலோரம் இழுத்து, லைட்டை நிறுத்தி, ஃபிளாஷையும் நிறுத்தி எடுத்தோம், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்ததால் கோடு போய்விட்டது. அப்படியும் மினுங்கினால் கடையில் கண்ணாடித் தட்டு வைத்த ஸ்கேனரில் வைத்து எடுங்கள். லெமினேற்றைக் கிழித்து எடுக்க மட்டும் முயலாதீர்கள், எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

3. போனிலா, கடையிலா

போனில் செய்வதென்றால் சும்மா கமெராவால் படம் எடுக்காதீர்கள். Google Drive செயலியில் `Scan` என்று ஒன்று இருக்கிறது. அது தாளின் நான்கு மூலையையும் பிடித்து, சரிவை நேராக்கி, பல பக்கங்களை ஒரே பீடிஎஃப் ஆகச் சேர்த்துத் தரும், காசும் இல்லை. சில இலவசச் செயலிகள் பக்கத்தின் அடியில் தங்கள் பெயரை அச்சடித்துவிடும், சான்றிதழில் அது இருக்கக் கூடாது. ஐபோனில் எடுத்த சாதாரணப் படம் `.heic` என்று முடியலாம், அது பல கந்தோர்க் கணினிகளில் திறக்காது.

கடைக்குப் போவதென்றால் தம்பியிடம் மூன்று சொல்லுங்கள்: கலரில், 300 டிபிஐ, பீடிஎஃப். கேட்காவிட்டால் கறுப்பு வெள்ளையிலும் படமாகவும் வந்துவிடக்கூடும். எங்களிடம் பக்கத்துக்கு 50 ரூபா வாங்கினார்கள், எட்டு ஆவணமும் பன்னிரண்டு பக்கம் என்று பார்த்தால் 600 ரூபா. நாங்கள் போனில் சரியாக வராத இரண்டை மட்டும் கடையில் செய்தோம்.

பழைய பிறப்புச் சான்றிதழ்களில் சில A4 தாளை விட நீளம். ஸ்கேனரில் வைத்தால் அடிப்பகுதி வெட்டுப்படும், பதிவாளரின் கையொப்பமும் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்படி நீளமான தாளைப் போனில் எடுப்பதே நல்லது. பின்பக்கத்தில் ஒரு முத்திரையோ ஒரு வரியோ இருந்தாலும் அதையும் எடுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு. தங்கள் கடையின் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம். பதிலும் கடைக்குத்தான் போகும், யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வாருங்கள். வருமுன் கடைக் கணினியில் உள்ள உங்கள் பைல்களை அழித்து, `Recycle Bin` ஐயும் காலியாக்கச் சொல்லுங்கள். உங்கள் அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் ஊர்பேர் தெரியாத கணினியில் கிடப்பது நல்லதல்ல, இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

4. ஒரு ஆவணம், ஒரு பைல்

அடையாள அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பீடிஎஃப்பில் இருக்க வேண்டும். ட்ரான்ஸ்கிரிப்டின் மூன்று பக்கமும் ஒரே பீடிஎஃப். ஆனால் எல்லா ஆவணங்களையும் சேர்த்து ஒரே பெரிய பைல் ஆக்காதீர்கள், கடிதத்தில் அப்படிக் கேட்டிருந்தால் தவிர. அடையாள அட்டை சம்பளப் பகுதிக்குப் போகலாம், பட்டச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகலாம், ஒன்றாக ஒட்டியிருந்தால் அவர்கள் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

5. பைலுக்குப் பெயர் வைப்பது

மடலைத் திறந்து உங்கள் பைல்களை இறக்கிய அடுத்த நிமிடமே அவை மடலை விட்டுப் பிரிந்துவிடும். உங்களோடு தெரிவான இருபது பேரின் பைல்களும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். அங்கே `NIC.pdf` என்று இருபது இருந்தால் உங்களுடையது எது? ஆகவே முதலில் ஆளின் பெயர், பிறகு இலக்கம், பிறகு ஆவணத்தின் பெயர். வாணியுடையவை இப்படி இருந்தன:

```
SVani_01_NIC.pdf
SVani_02_Birth_Certificate.pdf
SVani_03_OL_Certificate.pdf
SVani_04_AL_Certificate.pdf
SVani_05_Degree_Certificate.pdf
SVani_06_Transcript.pdf
SVani_07_Service_Letter.pdf
```

பெயர் முன்னுக்கு இருப்பதால் அவளுடைய பைல்கள் தாமாகவே ஒரு கூட்டமாக நிற்கும். இலக்கம் அவர்கள் கேட்ட ஒழுங்கு, ஆகவே கடிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு போகலாம். 1 என்று போடாமல் 01 என்று போடுவது ஏனென்றால், பத்துக்கு மேல் ஆவணங்கள் வரும்போது சில கணினிகள் 10ஐ 2க்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும்.

வாணிக்குத் தெரிவுக் கடிதம் தமிழில்தான் வந்தது, பைல் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்தோம். பைல்கள் கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் போகக்கூடும், தமிழில் வைத்த பெயர் சில வேளை ஜிப் பண்ணித் திறக்கும்போது குறியீடாக மாறிவிடும். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள். சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி போடாதீர்கள், விண்டோஸ் அவற்றைப் பைல் பெயரில் ஏற்காது. `new`, `final`, `final2` எல்லாம் உங்களுக்குத்தான் விளங்கும், அனுப்பும் பைலில் வேண்டாம். பெயரின் எழுத்துக்கூட்டல் அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எட்டிலும் ஒரே மாதிரி.

அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டச் சான்றிதழில் இன்னொன்று என்று இருப்பது எங்கள் பிள்ளைகளில் பலருக்கு உள்ள பிரச்சினை. முதலெழுத்து ஒன்றில் முன்னுக்கு நிற்கும், இன்னொன்றில் தகப்பன் பெயர் முழுதாக வரும். இதை ஒளிக்காமல் மடலில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி இருந்தால் அதையும் கடைசி இலக்கமிட்டு இணையுங்கள். ஒரு எழுத்துத்தானே என்று ஸ்கேனில் திருத்திவிட மட்டும் செய்யாதீர்கள், யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அது ஆவண மோசடி, பிறகு மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது வேலையும் போகும், வழக்கும் வரும்.

6. அளவு

Gmail இல் ஒரு மடலில் 25 எம்பி வரை இணைக்கலாம். ஆனால் இணைப்புகள் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஊதும், வாங்கும் பக்கத்தின் எல்லை இன்னும் குறைவாகவும் இருக்கலாம். எல்லாம் சேர்த்து 10 எம்பிக்குள் வைத்துக்கொண்டால் பயமில்லை. பக்கத்துக்கு அரை எம்பியிலிருந்து ஒரு எம்பி வரை வந்தால் எழுத்து தெளிவாகவே இருக்கும். கடிதத்தில் தனி எல்லை சொல்லியிருந்தால் அதுதான் சட்டம்.

25 எம்பியைத் தாண்டினால் Gmail அதை Drive இணைப்பாக மாற்றிவிடும். நீங்கள் அனுப்பிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பீர்கள், அங்கே அவர்கள் திறக்கப் போனால் உங்களிடம் அனுமதி கேட்கும் பக்கம் வந்து நிற்கக்கூடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்படி வந்த அனுமதிக் கோரிக்கையை அவர் திங்கட்கிழமைதான் பார்த்தார், கடைசி நாள் முடிந்திருந்தது.

வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் படமாக அனுப்பாமல் `Document` என்பதைத் தெரிந்து பீடிஎஃப்பை அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், சின்ன எழுத்து கலங்கிப் போகும்.

7. மடலில் என்ன எழுதுவது

வெறும் மடலில் பைல்களை மட்டும் போட்டு அனுப்பாதீர்கள், அதேநேரம் உங்கள் குடும்ப நிலைமையையும் எழுதாதீர்கள். அவர்கள் அனுப்பிய மடலுக்கே `Reply` கொடுத்து எழுதுங்கள், அப்போது உங்கள் தெரிவுக் கடிதம் கீழேயே இருக்கும். எந்த மொழியில் எழுதினார்களோ அந்த மொழியில் பதில். வாணி எழுதியது இது, கடிதத்தில் இருந்த தொடர்பு இலக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

> பொருள்: நியமனத்துக்கான ஆவணங்கள் – S. Vani – தொடர்பு இலக்கம் FO/07
>
> வணக்கம்.
>
> மே 6ஆம் திகதிய தெரிவுக் கடிதத்தில் கேட்கப்பட்ட எட்டு ஆவணங்களில் ஏழை (01 முதல் 07 வரை) இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> 08, கிராம உத்தியோகத்தர் சான்றிதழுக்கு மே 8ஆம் திகதி விண்ணப்பித்துள்ளேன். பிரதேச செயலகத்தின் மேலொப்பம் கிடைத்ததும் மே 17 வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன். அதுவரை கால அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> பட்டச் சான்றிதழில் என் தகப்பனாரின் பெயர் முழுமையாகவும் அடையாள அட்டையில் முதலெழுத்தாகவும் உள்ளது. இரண்டும் என்னையே குறிக்கும்.
>
> மூலப் பிரதிகள் என்னிடம் உள்ளன. கேட்கும் நாளில் நேரில் கொண்டுவருவேன்.
>
> S. Vani
> தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம்

இதில் முக்கியமான வரி எட்டாம் ஆவணத்தைப் பற்றியது. எது இல்லை, எப்போது விண்ணப்பித்தேன், எப்போது தருவேன் என்று மூன்றும் அதில் இருக்கின்றன. அந்த வரி இல்லாவிட்டால் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்கள். சின்னம்மா, "எல்லாம் கிடைத்த பிறகு ஒன்றாக அனுப்பு மகள்" என்றுதான் சொன்னா. அப்படிக் காத்திருந்தால் புதன்கிழமை தாண்டியிருக்கும். சொல்லும் திகதியில் ஒரு நாள் கூடுதலாக வைத்துச் சொல்லுங்கள், சொன்ன திகதியைப் பிறகு தவறவிடாதீர்கள்.

8. அனுப்புமுன்னும் பின்னும்

முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். வந்ததை வேறு ஒரு போனில் திறந்து, ஒவ்வொரு பைலிலும் மூன்று இடத்தைப் பெரிதாக்கி வாசியுங்கள்: பெயர், இலக்கம், முத்திரை. வாணியின் மடலை அவளுடைய தம்பியின் போனில் திறந்தபோது 03உம் 04உம் மாறிக் கிடந்தது தெரிந்தது. பெயர் சரி, உள்ளே இருந்த சான்றிதழ் மற்றது. நாங்கள் இருவரும் அதை இரண்டு தரம் பார்த்தும் பிடிக்கவில்லை, அவன் ஒரே பார்வையில் பிடித்தான்.

கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். மழைக்காலமென்றால் கரண்ட் எப்போது போகும், சிக்னல் எப்போது போகும் என்று எங்கள் பக்கத்தில் சொல்ல முடியாது. வாணி 13 திங்கட்கிழமை காலை கந்தோர் நேரத்தில் அனுப்பினாள். அனுப்பிய பிறகு பத்து நிமிடம் கழித்து இன்பொக்ஸைப் பாருங்கள், `Mail Delivery Subsystem` என்று ஏதும் வந்திருந்தால் மடல் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் முகவரியில் ஒரு எழுத்துப் பிழை அல்லது அளவு கூடிவிட்டது. இரண்டு வேலை நாளில் பதில் இல்லையென்றால் கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து, தொடர்பு இலக்கத்தைச் சொல்லி, ஏழும் திறக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

எட்டாவதை அனுப்பும்போது புது மடல் தொடங்காமல் அதே மடலின் தொடர்ச்சியாக `SVani_08_GN_Certificate.pdf` என்று அனுப்புங்கள். பழைய ஏழையும் திரும்ப இணைக்க வேண்டாம், எது புதியது என்று அவர்கள் தேட வேண்டி வரும். வாணிக்கு வியாழக்கிழமையே மேலொப்பம் கிடைத்துவிட்டது, அன்று பின்னேரமே அனுப்பினோம், அடுத்த நாள் "ஆவணங்கள் கிடைத்தன, ஜூன் 3 காலை மூலப் பிரதிகளுடன் வரவும்" என்று பதில் வந்தது. அந்த எட்டு பைலும் இப்போதும் அவளுடைய Drive இல் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன, மூலப் பிரதிகள் ஒழுங்கு மாறாமல் அலுமாரியில் ஒரு பைல் உறையில்.